ஆபீஸ் கொடுத்த கிஃப்ட் வவுச்சர்: கோடு போட்டால் ‘இன்வாலிட்’ என்கிறது, என்ன செய்வது?

தேன்மொழி, திருச்சி
22 அக்டோபர் 2025, இரவு 9.40

இந்தத் தீபாவளிக்கு ஆபீசில் ஸ்வீட் பாக்ஸுக்குப் பதிலாக ஆளுக்கு 2,000 ரூபாய் கிஃப்ட் வவுச்சர் மெயிலில் அனுப்பினார்கள். மெயிலில் ஒரு கோடு இருக்கிறது, எழுத்தும் எண்ணும் கலந்தது. அதை எடுத்து நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் ஆன்லைன் கடையில் கிஃப்ட் கார்டு பகுதியில் போட்டால் `Invalid card number or PIN` என்று வருகிறது. பின் என்று எனக்கு எதுவும் தரவில்லை. ஹெச்ஆரிடம் கேட்டால் "எல்லோருக்கும் போகிறதே" என்கிறார்கள். நாளைக்குள் குக்கர் ஆர்டர் போட வேண்டும். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ராஜா, தாம்பரம்
22 அக்டோபர், இரவு 9.58

இது ஓ-வுக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள குழப்பம்தான், வேறொன்றும் இல்லை. ஐ, எல், ஒன்று மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், எப்படியும் ஒன்று பிடித்துவிடும். இல்லையென்றால் கோடை இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

பழைய சப்போர்ட்
22 அக்டோபர், இரவு 10.15

கோடை இங்கே போடாதீர்கள். ராஜா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இதைப் படிக்கிற ஆயிரம் பேரில் யார் வேண்டுமானாலும் அடுத்த நிமிடமே அதைத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ள முடியும். கிஃப்ட் கார்டு எண்ணும் பின்னும் கையில் இருக்கிறவருக்குத்தான் பணம், பெயர் பார்ப்பதில்லை.

மாற்றி மாற்றிப் போடுவதும் வேண்டாம். பல தளங்களில் சில முறை தவறாகப் போட்டால் கொஞ்ச நேரத்துக்குக் கிஃப்ட் கார்டு பகுதியையே பூட்டிவிடுவார்கள். அப்புறம் சரியான எண்ணைப் போட்டாலும் போகாது, நாம் கார்டுதான் கெட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

தேன்மொழி, மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். கோடில் எத்தனை எழுத்து? மெயிலில் கடையின் பெயர் இருக்கிறதா, இல்லை வேறு கம்பெனியின் பெயரா? கோடுக்குப் பக்கத்தில் ஏதாவது பட்டன் அல்லது லிங்க் இருக்கிறதா?

தேன்மொழி, திருச்சி
22 அக்டோபர், இரவு 10.32

12 எழுத்து. கடையின் பெயர் தனியாக இல்லை, கீழே பத்துப் பதினைந்து கடைகளின் லோகோ வரிசையாக இருக்கிறது, அதில் நான் வாங்கும் கடையும் ஒன்று. `Redeem Now` என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் வேறு ஏதோ தளத்துக்குப் போகிறது, ஃபோன் நம்பர் ஓடிபி எல்லாம் கேட்கிறது. மோசடியாக இருக்குமோ என்று வெளியே வந்துவிட்டேன்.

பழைய சப்போர்ட்
22 அக்டோபர், இரவு 11.05

அப்படியானால் உங்கள் கையில் இருப்பது கடையின் கிஃப்ட் கார்டே இல்லை. அது ஒரு படி முன்னால் இருக்கிற கோடு.

கம்பெனிகள் மொத்தமாக வாங்கிக் கொடுக்கும் பரிசு பெரும்பாலும் இப்படித்தான் வரும். ஆபீஸ் ஒரு ரிவார்டு கம்பெனியிடம் பணம் கட்டுகிறது. அந்தக் கம்பெனி ஆளுக்கு ஒரு கோடு தருகிறது. அந்தக் கோடை ரிவார்டு கம்பெனியின் தளத்தில் போட்டு, எந்தக் கடைக்கு வேண்டும், எத்தனை ரூபாய்க்கு வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தக் கடையின் உண்மையான கார்டு எண்ணும் பின்னும் வரும். நம் நாட்டில் பெரிய கடைகள் பலவற்றுக்கு அது 16 இலக்க எண், கூடவே 6 இலக்கப் பின். நீங்கள் 12 எழுத்தைக் கொண்டுபோய் 16 இலக்கம் கேட்கிற பெட்டியில் போட்டிருக்கிறீர்கள், கடைக்கு அது என்னவென்றே தெரியாது, அதனால் `Invalid`. ‘தப்பான கார்டு’ என்று அதற்கு அர்த்தம் எடுக்காதீர்கள். ‘என் பட்டியலில் இப்படி ஒன்று இல்லை’ என்கிறது, அவ்வளவுதான்.

நான் வவுச்சர் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் பிரிவில் வேலை பார்த்தவன். தீபாவளி வாரம் வரும் புகார்களில் பெரும்பங்கு இதே வகைதான். மெயிலின் வடிவமைப்பு அப்படி. கோடைப் பெரிய எழுத்தில் போட்டு, அதை எங்கே போட வேண்டும் என்பதைப் பொடி எழுத்தில் போடுவார்கள். யாராக இருந்தாலும் நேராகக் கடைக்குத்தான் போவார்கள்.

மோசடியோ என்று சந்தேகப்பட்டு வெளியே வந்தது நல்ல பழக்கம். பட்டனை அழுத்த வேண்டாம், ஹெச்ஆரிடம் அந்த ரிவார்டு கம்பெனியின் பெயரைக் கேட்டு, முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள். ஓடிபி கேட்பது இயல்புதான், ஆனால் வங்கிக் கணக்கு எண்ணோ ஏடிஎம் கார்டு விவரமோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பரிசு வாங்க அது எதற்கும் தேவையில்லை.

கடையைத் தேர்ந்தெடுத்தால் திரும்ப மாற்ற முடியாது, அதனால் நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். லோகோவைத் தொட்டால் நிபந்தனை விரியும், அதில் ஆன்லைனா கடையிலா என்று பாருங்கள். சில பிராண்டுகளின் வவுச்சர் நேரில் கடைக்குப் போய்க் காட்டினால் மட்டும்தான் செல்லும், அதே பிராண்டின் வலைத்தளத்தில் செல்லாது.

சலீம், ஷார்ஜா
23 அக்டோபர், காலை 7.20

எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் 100 திர்ஹாமுக்கு ஆப்பிள் கார்டு வாங்கி, ஊரில் தம்பிக்கு வாட்ஸாப்பில் கோடு அனுப்பினேன், கேம் வாங்குவதற்காக. எக்ஸில் தொடங்கும் 16 எழுத்து. ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துவிட்டோம், போகவே இல்லை. நானும் இன்னொரு தளத்தில் மாற்ற வேண்டுமா?

பழைய சப்போர்ட்
23 அக்டோபர், காலை 8.45

சலீம், உங்களுடையது வேறு கதை. உங்கள் கோடு முழுக்கச் சரியானது, தம்பியின் கணக்குதான் வேறு நாடு. ஆப்பிள் கார்டு எந்த நாட்டில் வாங்கப்பட்டதோ அந்த நாட்டு ஸ்டோரில் மட்டும்தான் ஏறும். கூகிள் பிளே கார்டும் அப்படியே. ரூபாயாக மாற்றிக் கொடுக்க மாட்டார்கள்.

தம்பியின் கணக்கை அமீரகத்துக்கு மாற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். ஆப்பிளில் நாட்டை மாற்ற, கணக்கில் இருக்கிற மிச்சப் பணத்தை முதலில் தீர்க்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்களை நிறுத்தி அவை முடியும்வரை காத்திருக்க வேண்டும், புதிய நாட்டின் முகவரியும் பணம் கட்டும் வழியும் கொடுக்க வேண்டும். கூகிள் பிளேயில் நாடு மாற்றினால் மறுபடி மாற்ற ஒரு வருடம் ஆகும், பழைய நாட்டின் மிச்சப் பணம் புதிய நாட்டில் செலவாகாது. 100 திர்ஹாமுக்காக இவ்வளவும் தேவையா?

உங்கள் கணக்கு அமீரகத்துக் கணக்கு என்றால் கார்டை நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள், தம்பிக்கு ரூபாயாக அனுப்பிவிடுங்கள், அவர் இந்தியக் கார்டு வாங்கிக்கொள்ளட்டும்.

சலீம், ஷார்ஜா
23 அக்டோபர், காலை 9.02

ஏற்றிவிட்டேன், உடனே போனது. தம்பிக்கு ஜிபே பண்ணச் சொல்லி மாமாவிடம் சொல்லியாச்சு. கார்டின் பின்புறம் இந்த நாட்டுக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது, இப்போதுதான் படித்தேன்.

தேன்மொழி, திருச்சி
23 அக்டோபர், மதியம் 1.15

வந்துவிட்டது! ஹெச்ஆர் சொன்ன தளத்தில் போய் 12 எழுத்துக் கோடைப் போட்டேன், 2,000 என்று காட்டியது. கடையைத் தேர்ந்தெடுத்து பத்து நிமிடத்தில் 16 இலக்க எண்ணும் 6 இலக்கப் பின்னும் மெயிலில் வந்தன. கடையில் கிஃப்ட் கார்டாகச் சேர்த்தேன், மிச்சம் 2,000 என்று காட்டுகிறது. ரொம்ப நன்றி சார்.

இப்போது அடுத்த தலைவலி. `FEST200` என்று ஒரு தள்ளுபடிக் கோடு, 1,499-க்கு மேல் வாங்கினால் 200 குறையும். கூடையில் குக்கர் 1,350, ஸ்டீல் டப்பா செட் 300, மொத்தம் 1,650. ஆனால் `Code not applicable` என்கிறது. கிஃப்ட் கார்டு போட்டதால்தான் மறுக்கிறதா?

ராஜா, தாம்பரம்
23 அக்டோபர், மதியம் 1.30

ஆமாம், அதேதான். கிஃப்ட் கார்டும் ஆஃபர் கோடும் சேர்ந்து வேலை செய்யாது. எனக்கு ஆடி சேலில் இப்படித்தான் ஆனது. கார்டை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

பழைய சப்போர்ட்
23 அக்டோபர், மதியம் 2.10

சில கடைகளில் அப்படி ஒரு நிபந்தனை போடுவது உண்டு, அதனால் ராஜா சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. ஆனால் பொதுவாகத் தள்ளுபடிக் கோடு விலையைக் குறைக்கிறது, கிஃப்ட் கார்டு குறைந்த விலைக்குப் பணம் கட்டுகிறது. முதலில் கோடு கழியும், மிச்சத்துக்குத்தான் கார்டிலிருந்து எடுப்பார்கள். ஒன்று இன்னொன்றின் வழியில் வராது.

நீங்கள் சொன்ன கணக்கில் எனக்குச் சந்தேகம் டப்பாமேல்தான். குக்கரையும் டப்பாவையும் தொட்டு ‘விற்பவர்’ யார் என்று பாருங்கள். அப்புறம் கோடின் நிபந்தனையைத் திறந்து, அது எந்த விற்பவருக்கு, எந்தப் பிரிவுக்கு என்று பாருங்கள்.

தேன்மொழி, திருச்சி
23 அக்டோபர், மதியம் 2.40

பார்த்தேன். குக்கர் ஒரு விற்பவர், டப்பா வேறொருவர். நிபந்தனையில் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட பொருட்களுக்கு மட்டும்’ என்று இருக்கிறது, அந்தப் பட்டியலில் டப்பாவின் விற்பவர் இல்லை.

பழைய சப்போர்ட்
23 அக்டோபர், மாலை 4.00

அப்போது விஷயம் முடிந்தது. கூடையில் 1,650 தெரிந்தாலும் கோடின் கண்ணுக்கு 1,350 மட்டும்தான் தெரிகிறது. 1,499-க்கு 149 குறைகிறது. டெலிவரி கட்டணத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அதை வைத்து எல்லையைத் தாண்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

பட்டியலில் இருக்கிற பொருளாகவே 149 ரூபாய்க்கு மேல் உங்களுக்கு உண்மையில் தேவையான ஏதாவது இருந்தால் சேருங்கள். 200 ரூபாய்க்காக 600 ரூபாய்க்கு வேண்டாத சாமான் வாங்காதீர்கள்.

தேன்மொழி, திருச்சி
23 அக்டோபர், மாலை 5.25

கரண்டி செட் 160-க்குப் பட்டியலிலேயே இருந்தது, எப்படியும் வாங்க வேண்டியதுதான். சேர்த்ததும் கோடு ஏறிவிட்டது. மொத்தம் 1,810, கழித்து 1,610. அது முழுக்கக் கார்டிலிருந்து போனது, கார்டில் இன்னும் 390 இருக்கிறது. கரண்டி நன்றாக இல்லையென்றால் திருப்பி அனுப்பினால் 160-உம் வருமா?

பழைய சப்போர்ட்
23 அக்டோபர், இரவு 8.30

160 வராது. 200 ரூபாய்த் தள்ளுபடியைக் கோடுக்குத் தகுதியான பொருட்களின்மேல் விலைக்கு ஏற்பப் பங்கு போடுவதுதான் வழக்கம். குக்கரும் கரண்டியும் சேர்ந்து 1,510. அதில் கரண்டியின் பங்கு சுமார் 21 ரூபாய். அதனால் திரும்பி வருவது சுமார் 139, அதுவும் வங்கிக்கு வராது, கிஃப்ட் கார்டு மிச்சத்துக்கே போகும். டப்பாவைத் திருப்பினால் முழு 300 வரும், ஏனென்றால் அதன்மேல் தள்ளுபடியே ஏறவில்லை. பில்லைத் திறந்தால் பொருளுக்குப் பொருள் தள்ளுபடி எவ்வளவு என்று தனி வரியில் இருக்கும், ஒருமுறை பாருங்கள்.

கரண்டியைத் திருப்பினால் நீங்கள் 1,499-க்குக் கீழே போகிறீர்கள் அல்லவா, அப்போது 200 முழுவதையும் திரும்பப் பிடிப்பார்களா என்பது கடைக்குக் கடை மாறும். இதை அவர்கள் நிபந்தனையில்தான் பார்க்க வேண்டும், பொதுவாகச் சொல்ல முடியாது.

மகேஸ்வரி, ஈரோடு
24 அக்டோபர், காலை 10.10

நடுவில் வருகிறேன். என் கணவர் மிக்ஸி 6,000-க்கு வாங்கப் போனார். வங்கிக் கார்டுக்கு 10 சதவீதம் தள்ளுபடி, குறைந்தது 5,000-க்கு வாங்க வேண்டும். கையில் 2,000 கிஃப்ட் கார்டும் இருந்தது. இரண்டையும் போட்டதும் வங்கி ஆஃபர் காணாமலே போய்விட்டது. 6,000 என்பது 5,000-ஐவிட அதிகம்தானே?

பழைய சப்போர்ட்
24 அக்டோபர், காலை 11.20

வங்கி ஆஃபர் மிக்ஸியின் விலையைப் பார்ப்பதில்லை, வங்கிக் கார்டில் எவ்வளவு தேய்க்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது. கிஃப்ட் கார்டு 2,000 கட்டிவிட்டால் வங்கிக் கார்டுக்கு மிச்சம் 4,000. எல்லை 5,000. அதனால் ஆஃபர் போய்விட்டது.

கிஃப்ட் கார்டு டிக்கை எடுத்துவிட்டு மிக்ஸியை முழுக்க வங்கிக் கார்டில் வாங்கச் சொல்லுங்கள், 600 குறைந்து 5,400 ஆகும். 2,000 எங்கும் போகாது, அடுத்த மாதம் மளிகைக்கு வைத்துக்கொள்ளலாம். கிஃப்ட் கார்டைக் கணக்கில் ஏற்றிவிட்டால் பில் போடும்போது பல தளங்களில் டிக் தானாகவே விழுந்திருக்கும், அதைக் கவனித்து எடுக்க வேண்டும். ராஜாவுக்கு ஆடி சேலில் நடந்ததும் இதுவாக இருக்கலாம். அது வங்கி ஆஃபரா, கோடா?

ராஜா, தாம்பரம்
24 அக்டோபர், காலை 11.48

வங்கி ஆஃபர்தான்! கார்டு ஆகாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, இன்னொன்று. கிஃப்ட் கார்டு எதுவாக இருந்தாலும் குறைந்தது ஒரு வருடம் செல்லும், ரிசர்வ் வங்கி சட்டம் போட்டிருக்கிறது. அதற்குள் காலாவதி என்றால் சண்டை போடலாம்.

பழைய சப்போர்ட்
24 அக்டோபர், மதியம் 12.30

பாதிதான் சரி. ரிசர்வ் வங்கியின் 2021 உத்தரவின்படி, வங்கிகளும் அனுமதி பெற்ற நிறுவனங்களும் வெளியிடும், பல கடைகளில் செல்லும் பரிசு அட்டைக்குக் குறைந்தது ஒரு வருடம் ஆயுள் இருக்க வேண்டும், ஒரு அட்டையில் 10,000 ரூபாய்க்கு மேல் போடக்கூடாது, மறுபடி பணம் ஏற்றக்கூடாது. காலாவதிக்கு முந்தைய 45 நாட்களில் எஸ்எம்எஸ் அல்லது மெயிலில் நினைவூட்டவும் வேண்டும். ஆனால் ஒரு கடை தன் பொருளை மட்டும் வாங்கத் தானே வெளியிடும் அட்டை இந்த உத்தரவுக்குள் வராது. துணிக்கடை ஆறு மாதம் என்று அச்சடித்தால் ரிசர்வ் வங்கியைக் காட்டிச் சண்டை போட முடியாது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம், அது வேறு வழி.

கவுண்டர் செல்வம், மதுரை
25 அக்டோபர், இரவு 10.50

எல்லோரும் மெயிலில் வந்த கோடைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சூப்பர் மார்க்கெட் பில்லிங்கில் இருக்கிறேன், தொங்கவிட்டிருக்கும் அட்டைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்டாண்டில் தொங்கும்போது அந்த அட்டையில் ஒரு பைசா கிடையாது. திருடிக்கொண்டு போனாலும் பயன் இல்லை. நாங்கள் பார்கோடை ஸ்கேன் செய்து, பணம் வாங்கி, சர்வரிலிருந்து ‘ஆக்டிவேட்’ என்று பதில் வந்தால்தான் உயிர் வரும். பண்டிகைக் கூட்டத்தில் நெட் மெதுவாக இருந்தால் பதில் வருவதற்குள் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் போய்ச் சுரண்டிக் கோடு போட்டால் `Card not activated` என்று வரும். அதற்கும் `Invalid`-க்கும் வித்தியாசம் உண்டு. அட்டை பட்டியலில் இருக்கிறது, கடையில் பணி முடியவில்லை என்று பொருள். ஆன்லைனில் யாரிடம் கேட்டாலும் தீராது, பில்லையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்கு வர வேண்டும்.

இன்னொன்றும் நடக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாங்கினால் ஒருவர் அட்டையை ஸ்கேன் செய்து இன்னொருவர் அட்டையைக் கையில் கொடுத்துவிடுவது. பில்லிலோ ஆக்டிவேஷன் சீட்டிலோ அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் இருந்தால் அட்டையின் பின்புற எண்ணோடு கவுண்டரிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

சுரண்டும் இடத்தை வாங்குவதற்கு முன்பே விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் தூக்கிக்கொண்டு ஸ்டிக்கர் மாதிரி இருந்தால் யாரோ முன்பே சுரண்டிக் கோடைக் குறித்துக்கொண்டு மேலே ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் பணம் கட்டி உயிர் கொடுத்த சில நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள், உங்களுக்கு `Already redeemed` வரும். சுரண்டும்போதும் சாவி, கத்தி வேண்டாம், எழுத்தோடு சேர்ந்து உரிந்துவிடும். நாணயத்தைப் படுக்கை வசமாக வைத்து மெதுவாகத் தேயுங்கள். அப்படியும் ஒன்றிரண்டு எழுத்து போய்விட்டால் யூகித்துப் போடாதீர்கள், சுரண்டாத பக்கம் இருக்கும் சீரியல் எண்ணையும் பில்லையும் படம் எடுத்து அட்டையை வெளியிட்ட கம்பெனிக்கு அனுப்புங்கள். அதை வைத்தே கண்டுபிடிப்பார்கள்.

பழைய சப்போர்ட்
26 அக்டோபர், காலை 9.15

செல்வம் சொன்னதில் `Already redeemed` பற்றி ஒரு சொல். அது வந்தால் முதலில் உங்கள் சொந்தக் கணக்குகளைப் பாருங்கள். வீட்டில் ஒரே ஃபோனில் அம்மா கணக்கு, பையன் கணக்கு என்று இரண்டு இருக்கும், யாரோ ஒருவரின் கணக்கில் ஏற்கெனவே ஏறியிருக்கும். அங்கே இல்லை என்றால் தாமதிக்க வேண்டாம், வெளியிட்ட கம்பெனிக்கு அன்றே சொல்லுங்கள். பணம் செலவாகாமல் யாரோ ஒருவரின் கணக்கில் கிடக்கும்வரைதான் நிறுத்த வாய்ப்பு. ஏமாற்று என்று தெரிந்தால் 1930-க்கு அழைத்து cybercrime.gov.in-இலும் பதிவு செய்யுங்கள்.

மிச்சம் பார்க்கத் தேடுபொறியில் தேடிக் கிடைக்கும் தளங்களில் எண்ணையும் பின்னையும் போட்டுவிடாதீர்கள். அவற்றில் சில அதைத் திருடுவதற்கென்றே நடத்தப்படுபவை. அட்டையின் பின்புறம் அச்சிட்ட முகவரி மட்டும்.

விக்கி, கோவை
26 அக்டோபர், மாலை 6.40

காலேஜ் ஹாஸ்டல். சாப்பாட்டு ஆப்பில் முதல் ஆர்டருக்குப் பாதி விலை கோடு. புது சிம் போட்டு, புது மெயிலில் கணக்கு திறந்தும் `Not eligible` வருகிறது. இது அநியாயம் இல்லையா?

ராஜா, தாம்பரம்
26 அக்டோபர், மாலை 6.55

ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடு தம்பி.

பழைய சப்போர்ட்
26 அக்டோபர், இரவு 9.00

அழித்துப் போட்டாலும் பலன் இருக்காது. ஃபோன் நம்பர் மட்டும் வைத்து முதல் ஆர்டரைத் தீர்மானிப்பதில்லை. அதே ஃபோன் கருவி, அதே யுபிஐ ஐடி, அதே டெலிவரி முகவரி எல்லாமே கணக்கில் வரும். ஹாஸ்டல் என்றால் ஒரே முகவரியில் நூறு பேர், அதனால் உண்மையிலேயே முதல் முறை ஆர்டர் போடும் பையனுக்கும் மறுக்கப்படும். அந்தப் பையன் புகார் செய்தால் நியாயம். உங்கள் விஷயத்தில், விக்கி, நீங்கள் ஏற்கெனவே வாடிக்கையாளர், கோடு உங்களுக்காக இல்லை.

விக்கி, கோவை
26 அக்டோபர், இரவு 9.20

என் ரூம்மேட் அந்த ஆப்பை இதுவரை தொட்டதே இல்லை, அவனுக்கும் வரவில்லை. அவன் எங்கே சொல்வது?

பழைய சப்போர்ட்
26 அக்டோபர், இரவு 9.45

ஆப்பின் உதவிப் பகுதியில், ஆர்டர் போடுவதற்கு முன்பே, மறுப்புச் செய்தியின் ஸ்க்ரீன்ஷாட்டோடு எழுதச் சொல்லுங்கள். ஆர்டர் போட்டு முழு விலை கட்டிவிட்டு எழுதினால், அந்தக் கணக்கின் முதல் ஆர்டர் முடிந்துவிட்டது என்று பதில் வரும். கோடின் கடைசி நாளையும், மொத்தம் இத்தனை பேருக்குத்தான் என்ற வரம்பு இருக்கிறதா என்பதையும் நிபந்தனையில் பார்க்கச் சொல்லுங்கள். வரம்பு தீர்ந்திருந்தால் அவர் புதியவராக இருந்தும் பயன் இல்லை.

தேன்மொழி, திருச்சி
28 அக்டோபர், இரவு 7.10

குக்கர் வந்துவிட்டது, கரண்டியும் நன்றாகவே இருக்கிறது, திருப்பவில்லை. பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கும் 12 எழுத்துக் கோடு அப்படியே கிடந்தது, இந்த இழையைக் காட்டினேன். அவளுடைய மெயிலில் கோடு 31 டிசம்பர் வரைக்கும் என்று இருக்கிறது. அதற்குள் மாற்றிவிட்டால், கையில் வரும் கடைக் கார்டுக்கு அந்தத் தேதி பொருந்துமா, தனித் தேதியா?

பழைய சப்போர்ட்
28 அக்டோபர், இரவு 8.05

தனித் தேதி. டிசம்பர் 31 என்பது கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கடைசி நாள். கார்டு எண் வரும் மெயிலில் அதற்கென்று வேறு தேதி இருக்கும். சில கடைகளின் கார்டை உங்கள் கணக்கில் சேர்த்த பிறகும் அதே தேதிதான் ஓடும், அதனால் மாற்றிய அன்றே அந்தத் தேதியை ஃபோன் காலண்டரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.